கருத்தடை அவசர மாத்திரை: 72 மணி நேரக் கணக்கும் 70 கிலோ கணக்கும்

திருப்பூர்: ஆணுறை கிழிந்துவிட்டது. வழக்கமான கருத்தடை மாத்திரையை நாலு நாள் மறந்தாச்சு. இந்த நேரத்தில்தான் "மூணு நாள் டைம் இருக்கே, மெதுவா வாங்கிக்கலாம்" என்று பல பெண்கள் தள்ளிப் போடுகிறார்கள். அங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

மாத்திரை செய்வது என்ன?

அவசர மாத்திரையில் இருப்பது லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன். அளவு 1.5 மில்லிகிராம். இது செய்யும் வேலை ஒன்றே ஒன்றுதான். சினைப்பையில் இருந்து கருமுட்டை வெளியே வருவதைச் சில நாட்கள் தள்ளிப் போடும். ஆணின் உயிரணு பெண்ணின் உடம்பில் 5 நாள் வரை உயிரோடு இருக்கும். அது சாகும் வரை முட்டை வராமல் பார்த்துக்கொண்டால் கர்ப்பம் இல்லை.

முட்டை ஏற்கெனவே வெளியே வந்துவிட்டால் மாத்திரை போட்டும் பலன் கிடையாது. முட்டை எப்போது வரும் என்று யாருக்கும் துல்லியமாகத் தெரியாது. அதனால்தான் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு ஒன்று 1998-ல் வெளியானது. உண்டாகி இருக்க வேண்டிய 100 கர்ப்பத்தில், முதல் 24 மணி நேரத்துக்குள் மாத்திரை போட்டவர்களிடம் 95 தடுக்கப்பட்டது. இரண்டாம் நாள் 85. மூன்றாம் நாள் வெறும் 58.

சனிக்கிழமை இரவு 10 மணி

ஒரு கணக்கு பார்ப்போம். சனிக்கிழமை இரவு 10 மணிக்கு ஆணுறை கிழிந்தது என்று வைத்துக்கொள்வோம். 72 மணி நேரம் முடிவது செவ்வாய் இரவு 10 மணி. ஞாயிறு பாதி கடை அடைப்பு. திங்கள் கம்பெனிக்கு லீவு போட முடியாது. செவ்வாய் மாலை நாலு கடை ஏறி இறங்கினால் கெடு முடிகிற நேரம் வந்துவிடும்.

இந்த மாத்திரையை டாக்டர் சீட்டு இல்லாமலே விற்கலாம் என்று மத்திய அரசு 2005-ல் அனுமதித்தது. ஆனாலும் தமிழ்நாட்டில் பல மெடிக்கல் ஷாப்களில் "ஸ்டாக் இல்லைம்மா" என்பதுதான் பதில். ஆகவே கடை கடையாக அலைந்து நேரத்தை விடாமல், ஞாயிறு காலையிலேயே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவது புத்திசாலித்தனம்.

எடை அதிகமா?

குண்டான உடம்பில் அதே மாத்திரை ரத்தத்தில் குறைவாகத்தான் சேர்கிறது. ஐரோப்பாவில் ஒரு கம்பெனி, 75 கிலோவுக்கு மேல் பலன் குறையும், 80 கிலோவுக்கு மேல் பலிக்காது என்று 2013-ல் தானே எச்சரித்தது. அப்படி உறுதியாகச் சொல்ல ஆதாரம் போதாது, எந்த எடையிலும் போடலாம் என்று ஐரோப்பிய மருந்து ஆணையம் 2014-ல் சொன்னது. பிரிட்டன் டாக்டர்கள் 70 கிலோவைத் தாண்டினாலே உஷாராகிறார்கள்.

"அப்போ ரெண்டு மாத்திரை போட்டா?" 2022-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில் இரட்டை டோஸால் கூடுதல் பலன் தெரியவில்லை.

எடை அதிகமுள்ளவர்களுக்கு நல்ல வழி காப்பர்-டி. 5 நாளுக்குள் டாக்டர் பொருத்திவிட்டால் 99 சதவீதத்துக்கு மேல் பலன். எடை ஒரு பிரச்சினையே இல்லை. அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். நம்ம கணக்கில் வியாழன் இரவு 10 மணி வரை டைம். அது கிடைக்கும் வரை மாத்திரையைத் தள்ளிப் போட வேண்டாம். டி.பி.க்கோ வலிப்புக்கோ மருந்து சாப்பிடுகிறவர்கள் அதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அந்த மருந்துகளில் சில இந்த மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும்.

புரளிகள்

"இது கருவைக் கலைக்கும்" என்பது பொய். கரு தங்கிய பிறகு இது ஒன்றும் செய்யாது. கருக்கலைப்பு மாத்திரை வேறு. அதை டாக்டர் இல்லாமல் தொடக்கூடாது.

"ஒரு தடவை போட்டா அப்புறம் குழந்தையே பிறக்காது" என்பதும் பொய்.

"போட்டாச்சு, இந்த மாசம் பயமில்லை" என்பதுதான் ஆபத்தான புரளி. முட்டை தள்ளித்தான் போயிருக்கிறது, பிறகு வரும். அடுத்த உறவுக்கு ஆணுறை கட்டாயம்.

மாத்திரை போட்ட 2, 3 மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் இன்னொன்று போட வேண்டும். மாதவிலக்கு ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போனால் சிறுநீர் டெஸ்ட் எடுங்கள். அடிவயிற்றில் ஒரு பக்கம் கடும் வலி, தலைசுற்றல் இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். கரு குழாயில் தங்கி இருக்கலாம்.