நட்டத்திலும் சுழலும் கதிர்கள்

2023 ஜூலை 15ஆம் தேதி முதல் நூல் உற்பத்தியை நிறுத்தப் போவதாகத் தமிழ்நாட்டின் சிறு, நடுத்தர நூற்பாலைகளின் சங்கங்கள் அறிவித்தன. செய்தி கோவையையும் திருப்பூரையும் ஒரு உலுக்கு உலுக்கியது. நூல் விற்கிற விலையில் செலவைக்கூட எடுக்க முடியவில்லை, வட்டியும் மின்கட்டணமும் ஏறிவிட்டன என்று மில்காரர்கள் சொன்னார்கள்.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. நட்டம் ஜூலை 15 அன்று காலையில் திடீரென்று வந்து குதிக்கவில்லை. அதற்கு முன்பே பல மாதங்களாக நட்டம்தான். நட்டம் என்று தெரிந்த முதல் நாளே ஏன் நிறுத்தவில்லை? அத்தனை நாள் நட்டத்தில் ஓட்டியவர்கள் பிறகு ஏன் நிறுத்தத் துணிந்தார்கள்? இரண்டு கேள்விக்கும் விடை சொல்ல ஒரே ஒரு எண் போதும். அதற்குப் பொருளியலில் ‘நிறுத்தும் விலை’ என்று பெயர். அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பார்க்கலாம்.

முதலில் ஒரு விஷயம். கோவையில் 1888-இலேயே ராபர்ட் ஸ்டேன்ஸ் முயற்சியில் ஒரு பஞ்சாலை வந்துவிட்டது. 1930களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் மலையிறங்கி வந்ததும் ஆலைகள் மளமளவென்று பெருகின. இன்று பல்லடம், அவிநாசி, அன்னூர், உடுமலை என்று எந்தப் பக்கம் போனாலும் நூல் மில்தான். எல்லா மில்லும் ஒரே மாதிரி 40ஆம் நம்பர் நூல் நூற்கும்போது, “என் நூலுக்கு மட்டும் 10 ரூபாய் கூடுதல்” என்று ஒரு சின்ன மில் கேட்க முடியாது. திருப்பூர் வியாபாரி அடுத்த மில்லுக்குப் போய்விடுவார். விலையைச் சந்தை சொல்லும். மில் அதை ஏற்றுக்கொள்ளும். ஓட்டுவதா நிறுத்துவதா, எவ்வளவு ஓட்டுவது, இவை மட்டுமே மில்லின் கையில் இருக்கின்றன. இப்படிப்பட்ட நிறுவனத்தைத்தான் போட்டி நிறுவனம் என்கிறோம்.

சரி, கணக்குக்காக நாமே ஒரு மில் கட்டுவோம். அவிநாசிப் பக்கம், சுமார் 10,000 கதிர்கள் உள்ள சின்ன மில். ஒரு ஷிப்டு ஓடினால் நாளைக்கு 1,000 கிலோ நூல். இரண்டு ஷிப்டுக்கு 2,000, மூன்று ஷிப்டுக்கு 3,000. கதிரின் வேகத்தைக் கூட்டி, ஆட்களுக்கு ஓவர்டைம் கொடுத்து முட்டிப் பார்த்தால் 3,500 கிலோ வரும். இனி வரும் செலவுக் கணக்கெல்லாம் நம் கற்பனை மில்லுடையது. ஆனால் உண்மை மில்லை ஒட்டியே போட்டிருக்கிறேன்.

பொங்கலுக்கு மில் பூட்டிக் கிடக்கிறது. பஞ்சு வாங்கவில்லை, கூலி இல்லை, ஒரு கதிரும் சுழலவில்லை. ஆனாலும் அன்றைக்கு 45,000 ரூபாய் செலவு! வங்கிக்கடன் வட்டி, இன்சூரன்ஸ், மேனேஜர் சம்பளம், அத்துடன் மின்வாரியத்துக்குக் கட்டும் டிமாண்ட் கட்டணம். மில் ஓடினாலும் ஓடாவிட்டாலும் போகிற இந்தப் பணம்தான் மாறாச் செலவு.

டிமாண்ட் கட்டணத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். உயரழுத்த இணைப்பு வைத்திருக்கும் மில், “எனக்கு இத்தனை கேவிஏ வேண்டும்” என்று முன்கூட்டியே ஒப்பந்தம் செய்கிறது. எரித்த யூனிட்டுக்குத் தனிக் கணக்கு. ஒதுக்கி வைத்த அளவுக்கு மாதாமாதம் இன்னொரு கணக்கு. 2022 செப்டம்பரில் இது கேவிஏ-வுக்கு 350 ரூபாயிலிருந்து 550 ரூபாய் ஆனது. மில் ஓடாவிட்டாலும் ஒப்பந்த அளவில் 90 விழுக்காட்டுக்குக் கட்டியே ஆக வேண்டும். அந்தக் கட்டணத்தில் நம் மில் 600 கேவிஏ வாங்கியிருந்தால், 540 × 550 = 2,97,000 ரூபாய். மாதம் முழுக்க ஒரு விளக்குக்கூட எரியாவிட்டாலும் இது போகும். ஒரு நாளுக்கு ஏறத்தாழ 9,900 ரூபாய். நம்முடைய 45,000-க்குள் இதுவும் அடக்கம்.

இப்போது மில்லின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டுவோம். ஒரு நாளின் மொத்தச் செலவு இப்படி எழுதியிருக்கிறது:

1,000 கிலோ நூற்றால்: 3,05,000 ரூபாய்
2,000 கிலோ நூற்றால்: 5,45,000 ரூபாய்
3,000 கிலோ நூற்றால்: 7,80,000 ரூபாய்
3,500 கிலோ நூற்றால்: 9,20,000 ரூபாய்

ஒவ்வொன்றிலும் 45,000-ஐக் கழியுங்கள். மீதி இருப்பது மாறும் செலவு: பஞ்சு, கூலி, யூனிட் கட்டணம், கோன், பேக்கிங். அதைக் கிலோவால் வகுத்தால் சராசரி மாறும் செலவு கிடைக்கும். 1,000 கிலோவில் அது கிலோவுக்கு 260 ரூபாய். 2,000 கிலோவில் 250. 3,000 கிலோவில் 245. 3,500 கிலோவில் மறுபடியும் 250.

முதலில் ஏன் இறங்குகிறது? ஒரு ஷிப்டு மட்டும் ஓட்டும் மில்லில் தினமும் காலையில் எந்திரங்களைப் புதிதாகக் கிளப்ப வேண்டும். காற்றின் ஈரப்பதம் சரியாவதற்குள் நூல் அறுந்துகொண்டே இருக்கும், கழிவு குவியும். தொடர்ந்து ஓடினால் இந்தத் தொல்லை குறைகிறது. பிறகு ஏன் ஏறுகிறது? கதிரின் வேகத்தை அளவுக்கு மீறிக் கூட்டினால் இழை தாங்காது, அறுந்துவிடும். ஓவர்டைமுக்குச் சட்டப்படி இரட்டைக் கூலி. அந்தக் கடைசி 500 கிலோவுக்கு மட்டும் 1,40,000 ரூபாய், அதாவது கிலோவுக்கு 280 ரூபாய் விழுகிறது!

ஆகக் குறைந்த சராசரி மாறும் செலவு 245 ரூபாய். அதுதான் நம் மில்லின் நிறுத்தும் விலை. நம்பிக்கை வரவில்லை என்றால் விலையை வைத்துச் சோதித்துப் பாருங்கள்.

நூல் கிலோ 252 ரூபாய்க்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 3,000 கிலோ விற்றால் 7,56,000 ரூபாய் வரும். மொத்தச் செலவு 7,80,000. நட்டம் 24,000. “அட, நட்டம்! பூட்டிப் போடுங்கப்பா!” என்று யாராவது கத்தலாம். ஆனால் பூட்டினால் என்ன ஆகும்? பொங்கல் நாள் மாதிரி 45,000 முழுக்கக் கைவிட்டுப் போகும். ஓட்டினால் 24,000, பூட்டினால் 45,000. ஓட்டுவதே மேல். பஞ்சுக்கும் கூலிக்கும் கொடுத்தது போக, கிலோவுக்கு 7 ரூபாய் வீதம் 21,000 ரூபாய் மிஞ்சி, வட்டியில் ஒரு பகுதியைக் கட்ட உதவுகிறது.

விலை 240-க்கு விழுந்தால்? 7,20,000 வரும், பஞ்சு, கூலி, மின்சாரத்துக்கே 7,35,000 போகும். நூற்கும் ஒவ்வொரு கிலோவும் 5 ரூபாயைக் கையிலிருந்து பிடுங்குகிறது. ஓட்டினால் நட்டம் 60,000, பூட்டினால் 45,000. இப்போது பூட்டுவதே புத்தி. சரியாக 245-இல் இரண்டும் ஒன்று. ஓட்டினாலும் 45,000, பூட்டினாலும் 45,000.

இனித்தான் பலர் சறுக்கும் இடம். நம் மில்லின் மாறாச் செலவு 45,000-லிருந்து 90,000 ஆகிவிட்டது என்று வையுங்கள். வட்டி ஏறிவிட்டது, டிமாண்ட் கட்டணமும் ஏறிவிட்டது. நிறுத்தும் விலை எவ்வளவு ஏறும்? பரீட்சையில் இதைக் கேட்டால் பாதி வகுப்பு ‘15 ரூபாய் ஏறும்’ என்று எழுதும். உண்மையில் ஒரு பைசாகூட ஏறாது. 252 ரூபாய் விலையில் இப்போது நட்டம் 69,000. பூட்டினாலோ 90,000. ஓட்டுவதில் அதே 21,000 லாபம் இருந்துகொண்டேதான் இருக்கிறது. ஏறியது வேறொரு விலை: நட்டமும் இல்லாத லாபமும் இல்லாத விலை. அது 260-லிருந்து 275 ஆகிவிட்டது. இந்த விலைக்குக் கீழே பல மாதம் கிடந்தால் மில் கடனில் மூழ்கி, கடைசியில் விற்கும் நிலைக்கு வரும். ஆனால் ‘இன்றைக்கு ஓட்டலாமா?’ என்ற கேள்வியில் மாறாச் செலவுக்கு வேலையே இல்லை. மொத்தச் செலவிலிருந்து கழிப்பதற்கு மட்டும்தான் அது தேவைப்பட்டது.

அப்படியானால் நிறுத்தும் விலையை ஏற்றி இறக்குவது எது? பெரும்பாலும் பஞ்சு. பஞ்சைக் கண்டிக் கணக்கில் விற்பார்கள். ஒரு கண்டி 356 கிலோ. கண்டி 60,520 ரூபாய் என்றால் கிலோ 170. ஒரு கிலோ பஞ்சில் கழிவு போக 850 கிராம் நூல் வருவதாக வைத்தால், ஒரு கிலோ நூலுக்குள் 200 ரூபாய்ப் பஞ்சு இருக்கிறது. (கழிவுப் பஞ்சை விற்றும் கொஞ்சம் காசு வரும். கணக்கு சிக்கலாகாமல் இருக்க அதை விட்டுவிட்டேன்.) நம் மில்லின் 245-இல் 200 பஞ்சுக்கு, மீதி 45 மற்றதற்கு. 2022 மே மாதத்தில் கண்டி ஒரு லட்சத்தைத் தாண்டியது. அந்த விலையில் ஒரு கிலோ நூலுக்குப் பஞ்சு மட்டும் சுமார் 330 ரூபாய்; நிறுத்தும் விலை 375-ஐத் தொட்டுவிடும். அந்த மாதமும் மில்கள் உற்பத்தி நிறுத்தத்தை அறிவித்தது இப்போது ஆச்சரியமாக இருக்காது.

இங்கே ஒரு பொடி வைத்த கேள்வி. ஒரு லட்சத்துக்கு வாங்கிய பஞ்சு குடோனில் இருக்கிறது; சந்தையில் கண்டி 60,520-க்கு இறங்கிவிட்டது. எந்த விலையைக் கணக்கில் போடுவது? இன்றைய விலையைத்தான். அந்தப் பஞ்சை நூற்காமல் அப்படியே விற்றால் இன்றைய விலைதானே கிடைக்கும்? கொடுத்த லட்சம் போனது போனதுதான். மில்காரர் மனம் இதை ஒப்புக்கொள்ளாமல் “லட்சத்துக்கு வாங்குனதுங்க” என்று முரண்டு பிடிக்கும். அப்படிப் பிடிவாதமாக மில்லைப் பூட்டி வைத்தால் நட்டம்தான் கூடும்.

உண்மை மில்லில் 245 என்று கோடு கிழித்து, 244 ஆனதும் சுவிட்சை அணைத்துவிட மாட்டார்கள். மில் நின்றால் விடுதியில் தங்கியிருக்கும் வெளியூர், வெளிமாநிலத் தொழிலாளர்கள் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். திரும்ப ஆள் பிடித்துப் பழக்குவதற்குப் பணம் வேண்டும். விலை ஒரு வாரத்தில் மீளும் என்று தோன்றினால் அந்தச் செலவை மிச்சப்படுத்த 242-இலும் ஓட்டுவார்கள். இன்னொன்று, சங்கம் அறிவிக்கும் நிறுத்தத்தில் கணக்கு மட்டும் இல்லை. எல்லோரும் சேர்ந்து நிறுத்தினால் சந்தையில் நூல் குறைந்து விலை ஏறலாம், அரசும் திரும்பிப் பார்க்கலாம். தனி மில் ஒன்று நிறுத்தினால் இந்த இரண்டும் நடக்காது.

நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சு இறங்கியதால் எல்லா அளவிலும் சராசரி மாறும் செலவு கிலோவுக்கு 20 ரூபாய் குறைகிறது. மாறாச் செலவு 60,000 ஆகிறது. நூல் விலை 230. மில் ஓடுமா, நிற்குமா? எந்த முடிவானாலும் அன்றைய நட்டம் எவ்வளவு?