‘ஏற்கிறேன்’ என்று எழுதும் முன்

ஆஃபர் லெட்டர் வந்ததும் நம்மில் பலர் செய்வது ஒன்றுதான். நாலைந்து வரியில் ஒரு பதில் மெயில் எழுதி, ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த நண்பருக்கோ அண்ணனுக்கோ அனுப்பி, “தப்பு இருக்கான்னு பாரு” என்பார்கள். அவரும் எழுத்துப்பிழை திருத்தி, ஒரு வாக்கியத்தைக் கொஞ்சம் மெருகேற்றித் திருப்பி அனுப்புவார். மெயில் அழகாகிவிடும். ஆனால் அவர் ஆஃபர் லெட்டரையே பார்த்திருக்க மாட்டார். இந்த மெயிலில் வரும் பிழைகளில் பணத்தையும் நாளையும் தின்பவை இலக்கணப் பிழைகள் அல்ல. லெட்டரில் ஒன்று இருக்க, மெயிலில் வேறொன்று இருப்பதுதான் பிழை. அதைக் கண்டுபிடிக்க ஆங்கிலப் புலமை வேண்டாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் போதும்.

ஒரு உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். சென்னையில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு பெண். இன்னொரு கம்பெனியிலிருந்து 2026 ஜூன் 1 தேதியிட்டு ஆஃபர் லெட்டர் வந்திருக்கிறது. ஜூன் 5க்குள் பதில் சொல்ல வேண்டும். அவர் எழுதிய முதல் வரைவு ஆங்கிலத்தில் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பொருள் இது:

“ஆஃபருக்கு மிக்க நன்றி. நாம் பேசியபடி வேலையை ஏற்றுக்கொள்கிறேன். இங்கே என் நோட்டீஸ் பீரியட் 60 நாள். 03/08/2026 அன்று சேர்ந்துவிடுவேன். மாதச் சம்பளம் 65,000 ரூபாய் என்பதை உறுதி செய்கிறேன். உங்களிடத்திலும் நோட்டீஸ் 60 நாள்தான் இருக்கும் என்று நம்புகிறேன்.”

படிக்க மரியாதையாகத்தான் இருக்கிறது. ஆனால் நன்றியைத் தவிர ஒரு வரிகூட அப்படியே போகக்கூடாது.

தேதியில் தொடங்குவோம். இந்திய வழக்கப்படி 03/08/2026 என்பது ஆகஸ்ட் 3. தலைமை அலுவலகம் அமெரிக்காவில் இருக்கும் கம்பெனியில் இதே எண்ணை மார்ச் 8 என்று படிப்பார்கள். மாதத்தை எழுத்தில் எழுதி, கூடவே கிழமையையும் போட்டுவிட்டால் இந்தக் குழப்பம் வராது. கிழமை போடுவதில் இன்னொரு லாபமும் உண்டு. தேதியைத் தவறாக அடித்திருந்தால் கிழமை அதோடு ஒத்துப்போகாது. படிப்பவர் நின்று கேட்பார்.

அதைவிடப் பெரிய சிக்கல், அந்தத் தேதி நடக்கக்கூடியதா என்பது. ஆகஸ்ட் 3ஐ லெட்டரில் போட்டது எச்.ஆர். போனில் “ரெண்டு மாசம் ஆகும், ஆகஸ்ட் ஆரம்பத்துல வந்துடுவேன்” என்று இவர் சொன்னதை வைத்து ஒரு திங்கட்கிழமையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆஃபரை ஏற்ற பிறகுதான் ராஜினாமா. அது ஜூன் 8, திங்கட்கிழமை. மறுநாள் ஜூன் 9ஐ முதல் நாளாக எண்ணினால் ஜூனில் 22 நாள், ஜூலையில் 31 நாள், ஆக 53. மீதி 7 நாளுக்கு ஆகஸ்ட் 7 வரை போக வேண்டும். ராஜினாமா கொடுத்த நாளையே சேர்த்து எண்ணும் கம்பெனிகளும் உண்டு. அப்போதும் ஆகஸ்ட் 6. எப்படி எண்ணினாலும் ஆகஸ்ட் 3 எட்டாது.

நான்கு ஐந்து நாள்தானே என்று தோன்றும். ஆனால் குறையும் நாளுக்குப் பழைய கம்பெனி சம்பளத்தைப் பிடிக்கலாம். அதைவிட, ரிலீவிங் லெட்டரைத் தாமதப்படுத்தலாம். புதிய இடத்தில் சேரும் நாளில் முதலில் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான். இன்னும் சில இடங்களில் நோட்டீஸ் காலத்தில் லீவு எடுத்தால் அத்தனை நாள் கடைசி நாளைத் தள்ளிவைப்பார்கள். மேனேஜர் ராஜினாமாவை ஏற்ற நாளிலிருந்துதான் எண்ணுவோம் என்பாரும் உண்டு. ஆகவே மெயிலில் தேதி எழுதும் முன், இப்போதைய வேலையின் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரைத் தேடி எடுத்து அந்தப் பத்தியை வாசிப்பது நல்லது. இந்தப் பெண்ணுக்குப் பத்திரமான தேதி ஆகஸ்ட் 10, திங்கட்கிழமை.

அப்படியானால் மெயிலில் ஆகஸ்ட் 10 என்று மாற்றி எழுதிவிடலாமா? கூடாது. இதுதான் பலர் சறுக்கும் இடம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 7ஆவது பிரிவு, ஏற்பு என்பது முழுமையாகவும் நிபந்தனை இல்லாமலும் இருக்க வேண்டும் என்கிறது. ஆகஸ்ட் 3 என்று சொன்ன ஆஃபருக்கு “ஏற்கிறேன், ஆகஸ்ட் 10 வருகிறேன்” என்று பதில் எழுதினால், சட்டத்தின் கண்ணில் அது ஏற்பு இல்லை. நீங்கள் எதிரே வைக்கும் ஒரு புதிய யோசனை. நடைமுறையில் எந்த எச்.ஆரும் இதற்காகச் சட்டப் புத்தகத்தைப் பிரிக்கப் போவதில்லை. நடப்பது வேறு: ‘ஏற்கிறேன்’ என்ற சொல்லை மட்டும் பார்த்துவிட்டு ஃபைலை மூடுவார்கள். கணினியில் ஆகஸ்ட் 3 அப்படியே இருக்கும். மாற்றம் வேண்டுமென்றால் அதைத் தனி மெயிலில் முதலில் கேட்டு, திருத்திய லெட்டரை வாங்கிக்கொண்டு, அதன் பிறகு ஏற்க வேண்டும். ஏற்கும் மெயிலில் புதிதாக எதுவுமே இருக்கக்கூடாது.

கடைசி வரியில் இருக்கும் ‘நம்புகிறேன்’ இந்த விதியில்தான் அடிபடுகிறது. ஒரே மெயிலில் இரண்டு நோட்டீஸ் பீரியட் வருகிறது. முதலாவது பழைய கம்பெனிக்கு இவர் கொடுக்க வேண்டியது. அது சேரும் தேதியைத் தீர்மானிக்கும், அவ்வளவுதான். இரண்டாவது, நாளை புதிய கம்பெனியை விட்டுப் போகும்போது இவரைக் கட்டப் போவது. லெட்டரின் மூன்றாம் பக்கத்தில் பார்த்தால், புரொபேஷனில் 30 நாள், வேலை உறுதியான பிறகு 90 நாள் என்று இருக்கிறது. நேர்முகத்தில் யாரோ “60 நாள்தான்” என்று சொல்லியிருக்கிறார்கள். லெட்டரில் 90 இருக்கும்போது மெயிலில் 60 என்று நம்புவதால் 60 ஆகிவிடாது. 90ஐப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார் என்றாகும். கேட்டுப் பார்க்கலாம். “மேடம், எல்லாருக்கும் 90தான், பாலிசி” என்று பதில் வரலாம். வந்தால் 90ஐத் தெரிந்தே ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியதுதான். லெட்டரில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: நோட்டீஸுக்குப் பதிலாகப் பணம் கட்டிவிட்டுப் போகும் உரிமை ஊழியருக்கும் இருக்கிறதா, கம்பெனி விரும்பினால் மட்டும்தானா என்பது.

இனி சம்பளம். 65,000 எங்கிருந்து வந்தது? லெட்டரில் ஆண்டு சி.டி.சி. 7,80,000 ரூபாய். அதைப் பன்னிரண்டால் வகுத்திருக்கிறார். ஆனால் சி.டி.சி. என்பது இவருக்காகக் கம்பெனி ஆண்டு முழுக்கச் செலவழிக்கும் தொகை. கைக்கு வரும் சம்பளம் இல்லை. லெட்டரோடு வரும் இணைப்பைத் திறந்தால் உள்ளே இருப்பது தெரியும். வேரியபிள் பே 70,000. இது ஆண்டு முடிவில், வேலைத்திறன் மதிப்பீட்டைப் பொறுத்து. கம்பெனி கட்டும் பி.எஃப். 21,600, அதாவது 15,000 ரூபாய் உச்சவரம்பில் 12 சதவீதம், மாதம் 1,800. கிராஜுவிட்டிக்காக 17,316; மாத அடிப்படைச் சம்பளம் 30,000 என்பதால் அதில் 4.81 சதவீதம். மருத்துவக் காப்பீட்டுக்கு 11,084. இவை நாலும் சேர்ந்து 1,20,000. கழித்தால் 6,60,000, மாதம் 55,000. அதிலும் இவர் பங்கு பி.எஃப். 1,800 போனால் 53,200. தொழில் வரி வேறு கொஞ்சம் போகும். அவர் மனதில் இருந்த 65,000க்கும் கைக்கு வரும் தொகைக்கும் கிட்டத்தட்ட 12,000 ரூபாய் இடைவெளி.

மெயிலில் 65,000 என்று எழுதியதால் அந்தத் தொகையைக் கம்பெனி தர வேண்டும் என்று வாதாட முடியாது; லெட்டர்தான் பேசும். முதல் மாதச் சம்பளச் சீட்டு வரும்போது ஏமாற்றம்தான் மிச்சம். அதனால் மெயிலில் மாதச் சம்பளம், டேக் ஹோம் போன்ற சொற்களே வேண்டாம் என்பது என் கட்சி. லெட்டரில் எந்தச் சொல் இருக்கிறதோ அதே சொல், எந்த எண் இருக்கிறதோ அதே எண். கமா விழும் இடத்தையும் பாருங்கள்; 78,0000 என்று அடித்துவிட்டால் அது ஏழு லட்சமா எழுபத்தெட்டாயிரமா என்று யாருக்கும் ஒரு நொடி குழம்பும்.

‘நாம் பேசியபடி’ என்பதையும் எடுத்துவிட வேண்டும். பணிவாகத் தோன்றும் தொடர். ஆனால் எந்தப் பேச்சு, யாரோடு? ஆறு மாதத்தில் சம்பளம் கூட்டுவோம் என்று போனில் சொன்னது அதில் அடங்குமா? எழுதியவர் அடங்கும் என்பார். வாங்கியவர் அடங்காது என்பார். அதன் இடத்தில் லெட்டரின் தேதியைப் போட்டால் விவகாரம் முடிந்தது. ஆறு மாத உயர்வு முக்கியம் என்றால் அதையும் லெட்டரில் எழுதித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும்.

ஜூன் 2 அன்று இந்தப் பெண் இரண்டே விஷயம் கேட்டு ஒரு சின்ன மெயில் அனுப்புகிறார்: சேரும் தேதி ஆகஸ்ட் 10 ஆக வேண்டும், நோட்டீஸை 60 நாளாக்க முடியுமா? முதலாவதுக்குச் சரி, இரண்டாவதுக்கு முடியாது என்று பதில் வருகிறது. அவர் யோசித்து 90ஐ ஒப்புக்கொள்கிறார். ஜூன் 4 தேதியிட்டுத் திருத்திய லெட்டர் வருகிறது. இப்போது மெயில் இப்படி ஆகிறது:

“ஜூன் 4, 2026 தேதியிட்ட தங்கள் ஆஃபர் லெட்டரில் உள்ள நிபந்தனைகளின்படி சீனியர் அக்கவுன்டன்ட் பணியை ஏற்றுக்கொள்கிறேன். அதில் குறிப்பிட்டபடி ஆகஸ்ட் 10, 2026, திங்கட்கிழமை பணியில் சேர்வேன். ஆண்டு சி.டி.சி. 7,80,000 ரூபாய், அதன் பிரிவுகள் இணைப்பில் உள்ளபடி. கையெழுத்திட்ட பிரதியை இணைத்துள்ளேன். பெற்றுக்கொண்டதை உறுதி செய்யவும். நன்றி.”

நோட்டீஸ் பற்றி இதில் ஒரு சொல்லும் இல்லை. லெட்டரில் இருப்பதே போதும். பதவியின் பெயர்கூட லெட்டரில் உள்ளபடியே இருக்கிறதா என்று பார்த்தாகிவிட்டது. இதை லெட்டர் வந்த மெயிலுக்கே பதிலாக, சொந்த ஐடியிலிருந்து அனுப்ப வேண்டும். இப்போதைய ஆபீஸ் ஐடியிலிருந்து அனுப்பினால் கம்பெனி சர்வரில் தங்கிவிடும். வேலையை விட்ட அன்றே அந்த ஐடியும் போய்விடும்.

இந்தச் சுற்றில் எளிதாகத் தப்பும் பிழை ஒன்று உண்டு. திருத்திய லெட்டர் வந்த பிறகும், பழைய வரைவில் இருந்த ‘ஜூன் 1’ அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படி அனுப்பினால் ஏற்றது ஆகஸ்ட் 3 லெட்டரை. தேதியைத் திருத்தும்போது எச்.ஆர். பழைய கோப்பு ஒன்றை எடுத்து வேலை செய்து, சம்பள இணைப்பு மாறிவிடுவதும் நடக்கக்கூடியதே. ஆகவே புதிய லெட்டரை முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்து, இணைப்பின் கூட்டுத்தொகையைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து. மெயில் ஜூன் 5, வெள்ளிக்கிழமை காலை போகிறது. மாலையில் ‘பெற்றுக்கொண்டோம்’ என்று பதில் வருகிறது. திங்கட்கிழமை ராஜினாமா.