மைக்ரோமீட்டர் காட்டுவதை எவ்வளவு நம்பலாம்?

20 டிகிரி அறையில் ஓர் எஃகு ஊசியை டிஜிட்டல் மைக்ரோமீட்டரால் 10 முறை அளக்கிறோம். சராசரி 20.0042 மி.மீ.; அளவுகளின் திட்ட விலக்கம் 1.9 மைக்ரான். அதை 10-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 0.6. திரும்பத் திரும்ப அளந்து கிடைக்கும் இந்த ஐயப்பாடுதான் 'ஏ' வகை.

எத்தனை முறை அளந்தாலும் வெளிப்படாதவை 'பி' வகை. கருவியின் காலிப்ரேஷன் சான்றிதழ் ±2 மைக்ரான், k=2 என்கிறது. அந்த 2-ஐ அப்படியே எடுக்கக் கூடாது, k-ஆல் வகுக்க வேண்டும்: 1.0. திரையின் கடைசி இலக்கம் 1 மைக்ரான். அதில் பாதியை 3-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 0.29.

மூன்றையும் நேரடியாகக் கூட்டுவதில்லை. ஒன்றையொன்று சாராத பிழைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்வது அபூர்வம். எனவே வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்கிறோம்:

√(0.6² + 1.0² + 0.29²) ≈ 1.2

இதை 2-ஆல் பெருக்கினால் விரிவாக்கப்பட்ட ஐயப்பாடு 2.4 மைக்ரான். விடை: 20.0042 ± 0.0024 மி.மீ., k=2, சுமார் 95% நம்பிக்கை.

சான்றிதழ் எண்ணை வகுக்க மறந்தால் 2.4 என்பது 4.2 ஆகிவிடும், பட்டறைகளில் அடிக்கடி நேரும் தவறு இது. 10-க்குப் பதில் 40 முறை அளந்தாலும் 2.2-க்குத்தான் இறங்கும். அதற்கும் கீழே போக வேண்டுமானால், முதலில் சான்றிதழைப் பாருங்கள்.