வெளிநாட்டுச் சம்பளம், உள்ளூர் முதலீடு: எந்தக் கணக்கு, எவ்வளவு வரி?

வேலைக்காக வெளிநாடு செல்லும் இந்தியர், புறப்பட்டுப் போனதிலிருந்தே அன்னியச் செலாவணிச் சட்டத்தின் பார்வையில் வெளிநாடுவாழ் இந்தியர் ஆகிவிடுகிறார். ஊரில் வைத்திருந்த சேமிப்புக் கணக்கை அதன்பிறகு பழையபடி நடத்தக் கூடாது. வங்கியில் தகவல் சொல்லி, அதை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். பலர் இதைச் செய்யாமலே பழைய கணக்குக்குச் சம்பளத்தை அனுப்பி, அதிலேயே வைப்புநிதியும் போடுகிறார்கள். இது விதிமீறல்; வரிச்சலுகையும் கைநழுவிப் போகிறது.

அனுப்பும் பணத்துக்கு ஏற்ற கணக்கு என்.ஆர்.இ. வெளிநாட்டில் சம்பாதித்த பணம் இதில் ரூபாயாகச் சேரும். வெளிநாடுவாழ் இந்தியராக இருக்கும்வரை இதன் வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி கிடையாது. அசலையும் வட்டியையும் எப்போது வேண்டுமானாலும் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லலாம். வைப்புநிதியாகப் போட்டால் குறைந்தது ஓராண்டு விட்டுவைக்க வேண்டும். அதற்கு முன் உடைத்தால் வட்டியே கிடைக்காது. ரூபாயின் மதிப்புச் சரிவுக்கு அஞ்சுபவர்கள், டாலர் போன்ற வெளிநாட்டு நாணயத்திலேயே பணத்தை வைக்கும் எஃப்.சி.என்.ஆர். வைப்பைத் தேர்ந்தெடுக்கலாம். அதன் காலம் 1 முதல் 5 ஆண்டு.

வீட்டு வாடகை, ஓய்வூதியம், பழைய வைப்புநிதியின் வட்டி என இந்தியாவிலேயே கிடைக்கும் பணத்துக்கு உரியது என்.ஆர்.ஓ. கணக்கு. இதன் வட்டிக்கு வரி உண்டு. வங்கியே பிடித்துக்கொண்டுதான் தரும். இதிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்ப, ஒரு நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் என்பது உச்சவரம்பு. உரிய வரியைக் கட்டியதற்கான ஆவணங்களையும் வங்கி கேட்கும்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு கணக்கில் பார்க்கலாம். துபாயில் வேலை செய்யும் ஒருவர் 10 லட்சம் ரூபாயை 7 சதவீத வட்டிக்குப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வட்டி 70,000 ரூபாய். என்.ஆர்.இ. வைப்பு என்றால் முழுத்தொகையும் கைக்கு வரும். என்.ஆர்.ஓ. வைப்பு என்றால் 30 சதவீத வரியும் அதன்மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்ந்து 31.2 சதவீதம், அதாவது 21,840 ரூபாய், பிடித்தம் போகும். கையில் மிஞ்சுவது 48,160 ரூபாய்தான்.

பிடித்த பணம் போனதுதான் என்று விட்டுவிட வேண்டியதில்லை. இந்தியாவில் அவருக்கு வேறு வருமானம் இல்லையென்றால், இந்த 70,000 ரூபாய் அடிப்படை வரிவிலக்கு வரம்புக்குள் அடங்கும். புதிய வரிமுறையில் 2025-26 நிதியாண்டு முதல் அந்த வரம்பு 4 லட்சம் ரூபாய். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் பிடித்தம் முழுவதும் திரும்பக் கிடைக்கும். வேலை பார்க்கும் நாட்டோடு இந்தியாவுக்கு இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருந்தால், பிடித்தத்தைத் தொடக்கத்திலேயே குறைக்கவும் வழி உண்டு. அதற்கு அந்நாட்டு அரசிடம் வரி வதிவிடச் சான்றிதழ் வாங்கி வங்கியில் கொடுக்க வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்துடனான ஒப்பந்தப்படி இத்தகைய வட்டிக்கு உச்சபட்ச வரி 12.5 சதவீதம்.

மனைவி பெயருக்குப் பணம் அனுப்பி, அவர் பெயரிலேயே வைப்புநிதி போடுவது நம் ஊர்களில் சாதாரண வழக்கம். அனுப்பும் பணம் அன்பளிப்பு என்பதால் மனைவி அதற்கு வரி கட்ட வேண்டியதில்லை. ஆனால் அதிலிருந்து வரும் வட்டியைச் சட்டம் கணவரின் வருமானத்தோடுதான் சேர்க்கிறது. அதே பணம் கணவரின் என்.ஆர்.இ. கணக்கில் இருந்தால் இந்தச் சிக்கலே எழாது.

முதலீட்டில் சில தடைகளும் உண்டு. வெளிநாடுவாழ் இந்தியர் விவசாய நிலமோ தோட்டமோ பண்ணை வீடோ விலைக்கு வாங்க முடியாது. வீடும் வீட்டு மனையும் வாங்கலாம். புதிதாக பி.பி.எஃப். கணக்கு தொடங்க முடியாது. ஏற்கெனவே இருப்பதை முதிர்வுக்காலம்வரை தொடரலாம்.

வருமான வரிச் சட்டம் நாட்களை எண்ணித்தான் ஒருவரின் நிலையை முடிவு செய்கிறது. விடுப்பில் ஊருக்கு வருபவர் ஒரு நிதியாண்டில் 182 நாட்களுக்குள் திரும்பிவிட்டால் பொதுவாக வெளிநாடுவாழ் நிலை மாறாது. இந்தியாவில் கிடைக்கும் வருமானம் 15 லட்சம் ரூபாயைத் தாண்டுபவர்கள் 120 நாட்களைக் கடந்தாலே கவனமாக இருக்க வேண்டும். கடவுச்சீட்டில் விழும் முத்திரைத் தேதிகளே இதற்குச் சான்று.

வேலையை முடித்து நிரந்தரமாகத் திரும்பும்போது என்.ஆர்.இ. வட்டிக்கான விலக்கும் முடிந்துவிடுகிறது. ஆகவே வந்த உடனே வங்கிக்குத் தெரிவித்து, கணக்கை உள்நாட்டுக் கணக்காக மாற்றிக்கொள்ளுங்கள்.