சிங்கிள் பீஸ் சேலையும் எட்டரை மணிப் பதிவும்

மதுரையில் வீட்டிலிருந்தே சுங்குடிச் சேலை விற்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். கடை இல்லை, ஆள் இல்லை. நெசவும் முடிச்சும் சாயமும் வெளியில் நடக்கின்றன. படம் எடுப்பது, இன்ஸ்டாகிராமில் போடுவது, விலை சொல்வது, பார்சல் கட்டுவது, தபால் நிலையத்துக்கு எடுத்துப்போவது எல்லாம் அவர் ஒருவரே. ஞாயிறு காலை மொட்டைமாடி வெளிச்சத்தில் பன்னிரண்டு சேலைகளைப் படமெடுத்துவிடுகிறார். அவற்றை வாரம் முழுக்க, வாடிக்கையாளர்கள் கையில் போனோடு உட்காரும் இரவு எட்டரை மணிக்கு, ஒவ்வொன்றாக வெளியிட வேண்டும். அந்த நேரத்தில் அவர் அடுப்படியில் இருப்பார், அல்லது பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருப்பார். ஆகவே பதிவுகளை முன்கூட்டியே நேரம் குறித்து வைக்க வேண்டிய தேவை வருகிறது.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. இரண்டுக்கும் கட்டணம் இல்லை. ஒன்று, போனில் இருக்கும் இன்ஸ்டாகிராம் செயலியிலேயே நேரம் குறிப்பது. 2022 நவம்பரில் இந்த வசதி வந்தது. 75 நாள் முன்னால் வரை குறிக்கலாம், ஒரு நாளைக்கு 25 பதிவுகள் வரை வைக்கலாம். இன்னொன்று, கணினியில் business.facebook.com முகவரியில் திறக்கும் மெட்டா பிசினஸ் சூட். அதிலுள்ள Planner என்ற பக்கத்தில் வாரமும் மாதமும் நாள்காட்டியாக விரியும். எந்த நாளில் எந்தப் படம் என்பது ஒரே பார்வையில் தெரியும்.

போன் வழிக்கு முதலில் கணக்கைத் தொழில்முறைக் கணக்காக மாற்ற வேண்டும். அமைப்புகளில் Switch to professional account என்று இருக்கும். அங்கே Business, Creator என்று இரண்டு வகை கேட்கும். பிசினஸ் வகையில் புகழ்பெற்ற சினிமாப் பாடல்கள் பல கிடைக்காது. ரீல்ஸுக்குப் பாட்டு முக்கியம் என்பவர்கள் அதை யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு வழக்கம்போலப் படத்தைச் சேர்த்து, விவரம் எழுதி, கடைசித் திரையில் கூடுதல் அமைப்புகளுக்குள் போனால் Schedule வரும். குறித்து வைத்தவை எல்லாம் Scheduled content என்ற பட்டியலில் காத்திருக்கும்.

போன் அணைந்துவிட்டால் பதிவு போகுமா என்பது பலருக்கும் வரும் சந்தேகம். போகும். இரண்டு வழியிலும் பதிவு காத்திருப்பது மெட்டாவின் சர்வரில். கணினியை மூடினாலும் போனில் சார்ஜ் தீர்ந்தாலும் அதற்குக் கவலையில்லை. கூகுள் மெசேஜஸில் நேரம் குறிக்கும் எஸ்எம்எஸ் அப்படியில்லை. அது போனிலேயே காத்திருக்கும். குறித்த நேரத்தில் போன் அணைந்திருந்தால் மறுபடி இயங்கிய பிறகுதான் போகும்.

காத்திருக்கும் இடம் ஒன்றே என்பதால், தேர்வு வேறு விஷயத்தில் இருக்கிறது: குறித்து வைத்ததை எவ்வளவு அவசரமாக மாற்ற வேண்டி வரும்?

சுங்குடியில் புள்ளிக்குப் புள்ளி கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்ப்பார்கள். ஒன்றைப்போல இன்னொன்று அச்சாக வராது. அதனால்தான் விற்பவர்கள் ‘சிங்கிள் பீஸ்’ என்று எழுதுகிறார்கள். நம் உதாரணப் பெண் வியாழன் இரவுக்கு ஓர் அரக்குச் சேலையைக் குறித்து வைத்திருக்கிறார். வியாழன் மதியம் பழைய வாடிக்கையாளர் ஒருவர் வாட்ஸ்அப்பில், “அரக்குல ஏதாவது இருக்காக்கா?” என்று கேட்கிறார். படம் போகிறது, பணம் வருகிறது, சேலை விற்றுவிட்டது. ஆனால் எட்டரை மணிப் பதிவு அப்படியே காத்திருக்கிறது. அவர் அப்போது தபால் நிலைய வரிசையில் நிற்கிறார், மடிக்கணினி வீட்டில். மறந்துபோனால் இரவு பத்துப் பேர் “எனக்கு வேணும்” என்று கேட்பார்கள். “இப்பத்தானேக்கா போட்டீங்க, அதுக்குள்ள இல்லைன்னா எப்படி?” என்ற கேள்வி நியாயமானது. விற்ற பொருளைக் காட்டி ஆள் பிடிக்கிறார் என்ற பெயர் வந்துவிட்டால் அதைத் துடைப்பது கடினம்.

கையில் போன் இருந்தால் வரிசையில் நின்றபடியே Scheduled content-ஐத் திறந்து அந்தப் பதிவை நீக்கிவிடலாம். ஆகவே ஒற்றைப் பொருள் விற்பவருக்குப் போன்தான் பொருத்தம் என்று தயங்காமல் சொல்லலாம். பணம் வந்ததும் முதல் வேலை பட்டியலைத் திறப்பது, பார்சல் அடுத்தது என்ற ஒழுங்கும் கூடவே வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. படம் எடுத்தது போனில். அதைக் கணினிக்குக் கொண்டுபோகப் பலர் வாட்ஸ்அப்பில் தமக்குத் தாமே அனுப்பிக்கொள்கிறார்கள். வாட்ஸ்அப் படத்தை அமுக்கிவிடும். இன்ஸ்டாகிராம் தன் பங்குக்கு மறுபடி அமுக்கும். முகப் படத்தில் இது தெரியாது. சேலைக் கரையின் இழையிலும் புள்ளியின் விளிம்பிலும் தெரியும். கணினி வழியே போகிறவர்கள் யூஎஸ்பி வயர் போட்டு எடுக்கலாம். வாட்ஸ்அப்பையே நம்பினால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்ப வேண்டும். நிறத்தையும் போனில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. வாங்குபவர் பார்க்கப்போவது போன் திரையில்தான். மடிக்கணினித் திரையில் அடக்கமாகத் தெரிந்த அரக்கு, போனில் சிவப்பாகப் பளிச்சிடலாம்.

இதே பெண், ஒரே நிறத்தில் ஐம்பது மீட்டர் சுங்குடித் துணி வாங்கி, சுடிதார்த் துணியாக வெட்டி விற்கத் தொடங்கினால் கணக்கு மாறும். ஒன்று விற்றாலும் இருப்பு இருக்கிறது. அவசரமாக நீக்கும் தேவை குறைகிறது. தீபாவளிக்கு முந்தைய மாதம் முழுவதையும் திட்டமிட வேண்டும்: எந்த வாரம் எந்த நிறம், கடைசி கூரியர் தேதி எப்போது, அதை எத்தனை முறை நினைவூட்டுவது. ஐந்து அங்குலத் திரையில் ஒரு பதிவுதான் முழுதாகத் தெரியும். தொடர்ந்து மூன்று நாள் நீல நிறமே வருவதைக் கணினியின் நாள்காட்டிதான் காட்டிக்கொடுக்கும். அளவு, துவைக்கும் முறை, அனுப்பும் செலவு என்று ஒரே விவரத்தைப் பத்துப் பதிவுகளில் ஒட்டுவதும் விசைப்பலகையில் சுலபம். அதே பதிவை ஃபேஸ்புக் பக்கத்துக்கும் சேர்த்துக் குறிக்கலாம், ஸ்டோரிகளையும் குறிக்கலாம்.

தமிழில் தட்டச்சு தெரியாதே என்று கணினியை ஒதுக்குகிறவர்கள் உண்டு. விண்டோஸ் 10-இல் 2019-லேயே ஒலிப்பு முறைத் தமிழ் விசைப்பலகை வந்துவிட்டது. Amma என்று அடித்தால் அம்மா வரும். ஆனால் பேசியே எழுதிப் பழகியவருக்குப் போனின் குரல் தட்டச்சுதான் வேகம். அதை விட்டுவிடச் சொல்வதில் பயனில்லை.

இரண்டையும் கலந்து வைத்துக்கொள்ளலாமா? அதில்தான் சிக்கல் வரும். செயலியில் குறித்தது Planner-இல் தெரியும், அங்கே குறித்தது இங்கே தெரியும் என்று நம்பிவிடக் கூடாது. விற்ற சேலையை ஒரு பட்டியலில் தேடிக் காணோம் என்று நிம்மதியாக இருக்கும்போது, அது மற்றதில் உட்கார்ந்திருக்கலாம். எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும். நாள்காட்டியும் வேண்டும், வெளியிலிருந்து நீக்கவும் வேண்டும் என்பவர்கள் கணினியில் குறித்துவிட்டு, மெட்டா பிசினஸ் சூட்டின் போன் செயலியையும் இறக்கிக்கொண்டால் அதே Planner கையில் இருக்கும்.

குறித்த பதிவு வெளியாகாமல் போவதும் உண்டு. காலை, மாலை மாறி 8:30 AM என்று விழுந்திருப்பது ஒரு காரணம். கணினி வழியில், கடவுச்சொல் மாற்றியபின் ஃபேஸ்புக் பக்கத்துக்கும் இன்ஸ்டாகிராமுக்குமான இணைப்பு அறுந்திருப்பது இன்னொன்று. கடவுச்சொல்லை மாற்றிய அன்றே, அரைமணி நேரம் தள்ளி ஒரு சிறு பதிவைக் குறித்து, அது போகிறதா என்று பார்த்துவிட்டால், மீதிப் பத்தும் நின்றுபோவதைத் தடுக்கலாம்.