கடைசிக் கால்பங்குத் தண்ணீர்

மொட்டை மாடியில் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி ஒன்று. கழுவுவதற்காக அடியில் இருக்கும் அடைப்பைத் திறந்துவிடுகிறார்கள். முதல் நிமிடத்தில் கொட்டுவதைப் பிடித்து அளந்தால் ஏறத்தாழ 80 லிட்டர் வருகிறது. ஆயிரத்தை எண்பதால் வகுத்து, பன்னிரண்டரை நிமிடத்தில் தொட்டி காலியாகிவிடும் என்று எவரும் கணக்குப் போடுவார்கள். அந்த நேரம் முடிந்ததும் மாடியேறிப் பார்த்தால், உள்ளே இன்னும் கால்பங்கு தண்ணீர் நிற்கும். அந்தக் கால்பங்கு வடிந்து தீர மேலும் பன்னிரண்டரை நிமிடம் ஆகும்.

முக்கால்பங்கு போவதற்கு ஆன அதே நேரம், மிச்சமிருக்கும் கால்பங்குக்கும் ஆகிறது. பக்கங்கள் செங்குத்தாக நிற்கும் எந்தத் தொட்டிக்கும், அதன் அடித்துளை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், இந்த விகிதம் மாறுவதில்லை.

இதற்கான காரணத்தை முதலில் பிடித்தவர் இத்தாலியரான எவாஞ்சலிஸ்டா டாரிசெல்லி. பார்வை இழந்திருந்த கலிலியோவின் கடைசி மாதங்களில் அவருக்கு உதவியாளராக இருந்தவர். 1644-இல் ஃபுளோரன்ஸ் நகரில் அச்சான தம் நூலில் அவர் சொன்னது இது: துளையிலிருந்து பாயும் தண்ணீரின் வேகம், அதே தண்ணீர் மேல்மட்டத்திலிருந்து துளை வரை தடையின்றி விழுந்திருந்தால் பெறும் வேகத்துக்குச் சமம். மேற்பரப்புத் தண்ணீர் நேராகத் துளைக்கு வருவதில்லை. மட்டம் மெல்லக் கீழே இறங்குகிறது, அடியில் இருப்பது வெளியே பாய்கிறது. ஆனாலும் வரவுசெலவு ஒன்றுதான். மேலே ஒரு லிட்டர் குறைந்து அடியில் ஒரு லிட்டர் போனால், ஒரு லிட்டர் அவ்வளவு உயரம் இறங்கியதாகத்தான் பொருள். அந்த உயரத்தில் இழந்த ஆற்றல் வேகமாக மாறுகிறது.

விழும் பொருளின் வேகம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஒரு மீட்டர் ஆழத் தண்ணீருக்கு அது நொடிக்கு 4.43 மீட்டர். ஆழம் கால் மீட்டராகக் குறைந்தால், வேகம் பாதியாகும்.

இங்கேதான் கணக்கில் ஒரு சிக்கல். தண்ணீர் போகப் போக மட்டம் இறங்குகிறது. மட்டம் இறங்குவதால் வேகம் குறைகிறது. வேகம் குறைவதால் மட்டம் இன்னும் மெதுவாக இறங்குகிறது. ஒவ்வொரு கணமும் வேகம் வேறு என்பதால் வெறும் வகுத்தல் உதவாது. மட்டம் குறையும் வீதத்தையும் அந்தக் கணத்து மட்டத்தையும் இணைத்து எழுத வேண்டும்:

dh/dt = −k√h

h என்பது நீர்மட்டம், t என்பது நேரம். துளையின் அளவும் தொட்டியின் அகலமும் k என்ற ஒரே எண்ணில் அடங்கிவிடுகின்றன. பன்னிரண்டாம் வகுப்பில் வகைக்கெழுச் சமன்பாடு படித்தவர்கள் இதை உடனே அடையாளம் காண்பார்கள்: மாறிகளைப் பிரித்துவிடக்கூடிய வகை. மட்டம் சார்ந்தவை எல்லாம் ஒரு பக்கம், நேரம் இன்னொரு பக்கம்:

dh/√h = −k dt

இரண்டு பக்கங்களையும் தனித்தனியே தொகையிட்டால், தொடக்க மட்டம் H என்றிருக்கையில் √H − √h = kt/2 என்று கிடைக்கிறது. அதாவது, மட்டம் சீராகக் குறைவதில்லை. மட்டத்தின் வர்க்கமூலம் சீராகக் குறைகிறது. h சுழியமாகும் நேரம் T = 2√H/k. தொடக்க வேகத்திலேயே கடைசி வரை கொட்டியிருந்தால் ஆகும் நேரம் √H/k. மாடியில் கண்ட இரட்டிப்பு இந்த 2-இல்தான் இருக்கிறது.

அந்தத் தொட்டியின் அடிப்பரப்பு 1 சதுர மீட்டர், நீர்மட்டம் 1 மீட்டர், துளையின் விட்டம் 2.5 சென்டிமீட்டர். துளையின் பரப்பையும் வேகத்தையும் பெருக்கினால் நொடிக்கு 2.2 லிட்டர் வரவேண்டும். உண்மையில் வருவது 1.3 லிட்டர்தான். துளையை நோக்கி எல்லாப் பக்கத்திலிருந்தும் ஓடிவரும் தண்ணீரால் விளிம்பில் சட்டென்று திரும்ப முடியாது. அதனால் வெளியே வந்தவுடன் தாரை ஒடுங்குகிறது. கூர்விளிம்புத் துளையில் அதன் பரப்பு துளையின் பரப்பில் ஐந்தில் மூன்று பங்குக்குச் சற்றே மேல். இந்த ஒடுக்கத்தைக் கவனிக்காததால் நியூட்டனே 1687-இல் வந்த ‘பிரின்சிபியா’ முதல் பதிப்பில் வேகத்தைக் குறைத்துக் கணித்துவிட்டு, 1713-இன் இரண்டாம் பதிப்பில் தாரையை அளந்து திருத்தினார். இந்த ஒடுக்கத்தையும் சேர்த்தால் k-இன் மதிப்பு 0.00133, T ஏறத்தாழ 1,500 நொடி, அதாவது 25 நிமிடம்.

சமன்பாடு சரிதானா என்று சமையலறையிலேயே பார்த்துவிடலாம். பக்கங்கள் நேராக இருக்கும் பிளாஸ்டிக் ஜாடி ஒன்றின் அடியில் சிறு துளை இட்டு, துளையிலிருந்து 16 சென்டிமீட்டர் உயரம் வரை நிரப்பி, வெளிப்பக்கம் ஓர் அளவுகோலை ஒட்ட வேண்டும். மட்டம் 16-இலிருந்து 9-க்கு இறங்க எத்தனை நொடி என்று குறித்துக்கொண்டால், அதே இடைவெளியில் அடுத்து 4-க்கு வரும், பிறகு 1-க்கு வரும், பிறகு தீரும். சம நேரங்களில் இறங்கிய உயரம் 7, 5, 3, 1. கலிலியோ விழும் பொருள்களில் கண்டது 1, 3, 5, 7 என்ற ஒற்றைப்படை வரிசை. குருவின் வரிசை சீடரின் தொட்டியில் தலைகீழாக வருகிறது; இந்தப் பொருத்தம் தற்செயல் அல்ல. ஒன்று சீராக வேகம் கூடுவது, மற்றது சீராக வேகம் குறைவது.

கடைசி ஒரு சென்டிமீட்டர் மட்டும் சொன்னபடி கேட்காது. தண்ணீர் சுழித்துக் காற்றை இழுத்துக்கொள்ளும். சிறு துளையானால் பரப்பு இழுவிசை நீரைப் பிடித்து வைத்துச் சொட்டவிடும். மூடியை இறுக்கி மூடினால் நிலைமை இன்னும் மோசம்: காற்று உள்ளே வர வழியின்றி, தண்ணீர் திக்கித் திக்கி வந்து நின்றேவிடும்.

வீட்டுக் குழாய்க்கு இந்தக் கணக்கை அப்படியே பொருத்துவதும் தவறு. தொட்டியின் அடிக்கும் தரைத்தளக் குழாய்க்கும் இடையே 9 மீட்டர் இருந்தால், வேகத்தை முடிவு செய்வது தொட்டிக்குள் இருக்கும் ஒரு மீட்டர் அல்ல, மொத்த உயரம். அது 10-இலிருந்து 9 மீட்டராகத்தான் குறைகிறது. வர்க்கமூலம் எடுத்தால் வேகக் குறைவு நூற்றுக்கு ஐந்துதான். அதனால்தான் தரைத்தளத்தில் குளிப்பவருக்குத் தொட்டி தீரப்போவது கடைசி வரை தெரிவதில்லை. தொட்டிக்கு நேர் கீழே, மேல்தளத்தில் இருப்பவருக்குத்தான் தாரை மெலிவது முன்கூட்டியே தெரியும்.

இந்த மெலிவு பெருந்தொல்லையாக இருந்தது பண்டைய நீர்க்கடிகாரங்களில்தான். நேரான பக்கங்கள் கொண்ட பாத்திரத்தில் சம இடைவெளியில் கோடு போட்டால், முதல் மணி குறுகியும் கடைசி மணி நீண்டும் போகும். எகிப்தின் கர்னாக் கோயிலில் கிடைத்த, மூன்றாம் அமென்ஹோதெப் காலத்து நீர்க்கடிகாரத்தின் பக்கங்கள் அடியில் குறுகி மேலே விரிகின்றன. வேகம் குறையும் இடத்தில் பரப்பும் குறைந்தால் மட்டம் ஏறத்தாழ ஒரே சீராக இறங்கும். முழுக்கச் சீராக இறங்க என்ன வடிவம் வேண்டும் என்று சமன்பாட்டைக் கேட்டால், பரப்பு √h-க்கு ஏற்ப மாறவேண்டும் என்கிறது. அதாவது, ஒரு மட்டத்தில் இருப்பதைப் போல் இரு மடங்கு ஆரம் கிடைக்க, துளையிலிருந்து பதினாறு மடங்கு உயரம் ஏறவேண்டும். அடியில் கிண்ணம்போல் சட்டென்று விரிந்து, மேலே போகப்போக ஏறக்குறைய நேராக நிமிரும் வடிவம் அது. எகிப்தியக் குயவரும் கல்தச்சரும் போட்ட நேர்ச்சரிவு, பாத்திரத்தின் மேற்பகுதியில் அதற்கு மிக நெருங்கி நிற்கிறது, அடிப்பகுதியில்தான் விலகுகிறது.