நூற்பட்டியலில் ஒரு பதிவு

ஆய்வு மாணவர்கள் விளக்கக் குறிப்புடன் நூற்பட்டியல் தயாரிக்கும்போது, பலர் நூலின் சுருக்கத்தை மட்டும் எழுதி நிறுத்திவிடுகிறார்கள். மதிப்பீடும் ஆய்வுக் கேள்விக்கான தொடர்பும் விடுபட்டுப் போகின்றன.

‘19ஆம் நூற்றாண்டில் ஆசிரியரிடம் தமிழ் கற்ற முறை எது?’ என்பது கேள்வி, எடுத்த நூல் உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ என்று வைத்துக்கொள்வோம். முதலில் பதிப்பு விவரம். 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் தொடராக வந்து, 1950இல் நூலானது இது. கையிலுள்ள மறுபதிப்பின் ஆண்டை மட்டும் போட்டால், எழுதிய காலம் மறைந்துவிடும்.

சுருக்கத்துக்கு இரண்டு வாக்கியம் போதும்: இளமைக் கல்வி, மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டது, ஏடு தேடிப் பதிப்பித்தது.

மதிப்பீட்டில்தான் உழைப்பு வேண்டும். ‘சிறந்த நூல்’ என்பது எந்த நூலுக்கும் பொருந்துமாதலால் மதிப்பீடாகாது. இப்படி எழுதலாம்: ‘நேரில் கண்டவரின் சாட்சியம். ஆனால் 1870களின் நிகழ்ச்சிகளை எண்பது வயதைக் கடந்தபின் நினைவுகூர்கிறார். உரையாடல்களைச் சொல்லுக்குச் சொல் நம்ப முடியாது. ஆசிரியர்மீது கொண்ட பக்தி விமர்சனத்தைத் தணிக்கிறது. நூல் முற்றுப்பெறவில்லை.’

கடைசியாகத் தொடர்பு: ‘பாடம் நடந்த முறை, படித்த நூல்களின் வரிசை ஆகியவற்றுக்கு இதுவே என் முதன்மைச் சான்று. மடத்தின் ஆதரவில் படித்த ஒருவரின் அனுபவம் என்பதால், திண்ணைப் பள்ளிகளின் பொது நிலைக்கு வேறு சான்று தேட வேண்டும்.’